ஆறு கேனும் ஒரு பிரேக்கும்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி மொபெட்டில் வருவார். பின்பக்கம் இரும்புக் கம்பியில் பற்றவைத்த ஸ்டாண்டு. அதில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கேன். சீட்டின் மேல் ஒன்றைப் படுக்கவைத்து, சைக்கிள் டியூபை நறுக்கிய ரப்பர் பட்டையால் இறுக்கியிருப்பார். காலுக்கு நடுவில் இன்னொன்று. மொத்தம் ஆறு. எங்கேயோ மிச்சமிருக்கும் இடத்தில் அவரும் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலை நான் கேட்டருகே நிற்கும்போது குறுக்கே ஒரு நாய் ஓடியது. தம்பி இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். டயர் கிறீச்சிடவில்லை, வண்டி ஆடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. நிதானமாக நடந்துபோவதுபோல் என் வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டையும் தாண்டி, மின்கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. நாய் பிழைத்தது நாயின் சாமர்த்தியத்தால்.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "லோடு இருந்தா ஸ்கிட்டே அடிக்காதுண்ணே. வெறும் வண்டிதான் வழுக்கும். இது சும்மா ரோட்டோட ஒட்டிக்கிட்டு வரும்."

இதே பேச்சைப் பால்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களும், சிமென்ட் கடையில் வேலை பார்க்கிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். அனுபவத்தில் சொல்வது, பொய்யில்லை. பாரம் ஏறிய வண்டியின் பின்சக்கரம் லேசில் வழுக்குவதில்லை. சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வண்டி நிற்க இரண்டு பிடிகள் வேண்டும். ஒன்று, சக்கரத்தின் நடுவே இருக்கும் பிரேக்கின் பிடி. டிரம் பிரேக்கில் அரைவட்டமாக வளைந்த இரண்டு பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து, சுழலும் டிரம்மின் உட்சுவரில் உரசும். சக்கரத்தை மட்டுப்படுத்துவது அந்த உரசல். இரண்டாவது, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள பிடி. பிரேக்கின் பிடி டயரின் பிடியைத் தாண்டிவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நாம் ஸ்கிட் என்பது இதைத்தான்.

பாரம் ஏற ஏற, டயர் ரோட்டில் அழுந்துகிறது. இரண்டாவது பிடி கூடுகிறது. முதல் பிடி எதனால் கூடும்? நம் விரல்கள் லிவரை இழுக்கும் பலத்தால் மட்டும்தான். வண்டியில் ஒரு கேன் இருக்கிறதா, ஆறு கேன் இருக்கிறதா என்பது பிரேக் ஷூவுக்குத் தெரியாது. அதே விரல், அதே கேபிள், உள்ளங்கை அகலமே உள்ள அதே டிரம். ஆகவே சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு பிரேக்குக்குத் தெம்பு போதவில்லை என்பதுதான் தம்பி பெருமையாகச் சொன்ன "ஸ்கிட் அடிக்காது" என்பதன் பொருள். ரோடு பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, பிரேக்கால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை.

தம்பியின் வண்டியையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொபெட் சுமார் 90 கிலோ, அவர் 60 கிலோ. சேர்த்து 150. ஒரு கேனில் 20 லிட்டர் தண்ணீர், அதாவது 20 கிலோ. பிளாஸ்டிக்கோடு 21 என்று வையுங்கள். ஆறு கேன் 126 கிலோ. ஆக மொத்தம் 276. இந்த ரக வண்டிகளிலும், நாம் ஓட்டும் 100, 110 சிசி வண்டிகள் பலவற்றிலும், ஓட்டுகிறவரையும் சேர்த்து ஏற்றலாம் என்று கையேட்டில் போட்டிருப்பது 130 கிலோ. தம்பி தன் 60 கிலோவைக் கழித்துவிட்டால் மிச்சம் 70. மூன்று கேனுக்குச் சரியாக இருக்கும். நான்காவது கேன் ஏறும்போதே கணக்கு தாண்டிவிடுகிறது.

இப்போது வெறும் வண்டியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நன்றாகப் பிடித்தால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல டயர், நல்ல ஷூ என்றால் இது நியாயமான தூரம். ஆறு கேனோடு, அதே வேகத்தில், அதே அழுத்தம் கொடுத்தால் 22, 23 மீட்டர் ஆகும். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் மடங்குவதற்கு ஆகும் ஒரு விநாடியில் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். அது இரண்டுக்கும் பொது.

பத்து மீட்டர் கூடுதல்தானே என்று தோன்றும். அதையே வேறு மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி நின்றுவிட்ட அந்த இடத்தை பாரவண்டி கடக்கும்போது அதன் வேகம் என்ன? பாதி தூரம் வந்துவிட்டதால் வேகமும் பாதியாகியிருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. பிரேக் பிடிக்கும்போது முதல் பாதி தூரத்தில் வேகம் கொஞ்சம்தான் குறையும். கடைசி சில மீட்டரில்தான் மடமடவென்று இறங்கும். கணக்குப்படி அந்த இடத்தில் தம்பியின் வண்டி இன்னும் 27 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வெறும் வண்டி நாயின் மூக்கருகே நிற்கும். பாரவண்டி 276 கிலோவையும் சுமந்துகொண்டு 27-இல் மோதும்.

லிவரை இன்னும் அழுத்திப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். முடியும், கொஞ்சம். விரல் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் இழுக்க ஒன்றுமில்லை. டிஸ்க் பிரேக் இருந்தால் நிலைமை தேவலை, குறைந்த அழுத்தத்தில் அதிகம் பிடிக்கும். ஆனால் தண்ணீர் கேனும் பால் கேனும் பெரும்பாலும் ஏறுவது டிரம் பிரேக் வண்டிகளில்தான். புது வண்டிகளில் ஒரு லிவரை அழுத்தினால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் கூட்டு பிரேக் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. அது பிரேக்கின் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும்; 130 கிலோவுக்குச் செய்த ஷூவை 190 கிலோவுக்கு ஆக்கித் தராது.

என் வண்டியை விடும் மெக்கானிக் கடையில் இந்தப் பேச்சு வந்தபோது, அவர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். கழற்றிப்போட்ட பழைய பிரேக் ஷூக்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உரசும் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை. "தேய்ஞ்சது இல்ல சார், வெந்தது. லோடு வண்டி. கனம் பாதி அப்படியே இருக்கு பாருங்க, ஆனா பிடிக்காது" என்றார்.

வெந்தது என்பது சரியான சொல். ஓடுகிற வண்டியின் வேகத்தை பிரேக் எங்கேயும் ஒளித்துவைப்பதில்லை. எல்லாவற்றையும் சூடாக மாற்றுகிறது. எடை இரட்டித்தால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சூடும் இரட்டிக்கும். அந்தச் சூடு முழுவதும் மூடிய டிரம்முக்குள் உண்டாகி, அதன் வெளிச்சுவர் வழியாகத்தான் காற்றில் கரைய வேண்டும். தெருத்தெருவாக நின்று நின்று போகிற வண்டியில் ஆறுவதற்குள் அடுத்த பிரேக் விழுந்துவிடும். சூடேறிய டிரம் கொஞ்சம் விரிவடைகிறது. ஷூ அதைத் தொடுவதற்கு முன்பைவிட அதிகம் நகர வேண்டியிருக்கிறது. அதனால்தான் காலையில் பாதியில் பிடித்த லிவர் மதியத்தில் கிட்டத்தட்ட கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது. ஷூவின் மேற்பரப்பும் சூட்டில் உரசும் குணத்தை இழக்கிறது. எரிந்த வாடை வந்தால் அந்த நிலை வந்துவிட்டது என்று பொருள்.

மலைப்பாதையில் இது இன்னும் மோசம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தாரோ பலா மூட்டையோ ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டிகளை அங்கே பார்க்கலாம். செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்குவதில் பிரேக் தாங்க வேண்டிய சூடு, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினாறு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் நிறையவே தாங்கும். கியர் இல்லாத மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் அந்த உதவி குறைவு. நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. பாதி வழியில் லிவர் தளர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி, டிரம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகம் வெடிக்கவோ கோணவோ செய்யும்.

கேனை விட்டு ஆட்களுக்கு வருவோம். எடையை மட்டும் பார்த்தால் மூன்று பேர் ஆறு கேனைவிட மோசம். ஆளுக்கு 65 கிலோ என்றால் 195. ஆனால் ட்ரிபிள்ஸில் எடையைவிட அது உட்காரும் இடம்தான் விபரீதம்.

இரண்டு சக்கர வண்டியில் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலே உட்காருகிறவரின் எடை முழுவதும் பின்சக்கரத்தில் இறங்கும். அச்சுக்கும் பின்னால், கேரியர் கம்பியில் உட்காருகிறவர் என்ன செய்கிறார்? ஏற்றப்பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்த பிள்ளைபோல, மறுமுனையில் இருக்கும் முன்சக்கரத்தைத் தூக்குகிறார். 110 கிலோ பைக்கில் ஓட்டுகிறவர் மட்டும் இருந்தால் மொத்த எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் முன்சக்கரத்தில் இருக்கும். மூன்று பேர் ஏறினால், என் கணக்கில், அது இருபது பங்குக்கு வந்துவிடுகிறது. பங்கு மட்டுமல்ல, வண்டி அத்தனை கனமான பிறகும் முன்சக்கரம் தரையில் அழுந்துவது முன்பைவிடக் குறைவு.

ஹேண்டில் லேசாக, மிதப்பதுபோல் இருப்பதை ட்ரிபிள்ஸ் போனவர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். மண் கிடக்கும் திருப்பத்தில் ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி திரும்ப யோசிக்கும். இந்த நேரத்தில் பதறி முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், எடை முன்னால் வந்து சேருவதற்குள் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் விழுந்தோம் என்று தெரியும். ஆக, பின்னால் பிடி இருக்கிறது, பிரேக்குக்குத் தெம்பில்லை. முன்னால் பிரேக் இருக்கிறது, அழுத்திப் பிடிக்க எடை இல்லை. இரவில் முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கத் தொடங்கி, எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்துவதும் இதே காரணத்தால்தான். (நல்ல விளக்கு போட்டிருக்கிறான் என்று நாம் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் பின்னால் மூட்டை வைத்திருப்பவர்கள்.)

இன்னொன்று. மூட்டையைக் கட்டிவைக்கலாம், ஆளைக் கட்டிவைக்க முடியாது. பிரேக் பிடித்ததும் பின்னால் இருக்கும் இருவரும் முன்னோக்கிச் சரிவார்கள். மிதமான பிரேக்கிலேயே ஏறத்தாழ 40 கிலோ எடையை ஓட்டுகிறவரின் முதுகில் சாய்த்ததுபோல் இருக்கும். சீட்டின் உராய்வும் கால்களின் உந்துதலும் அதில் கொஞ்சத்தைத் தாங்கும். மூன்றாமவருக்குக் கால் வைக்க மிதிகட்டையே இல்லை. ஓட்டுகிறவர் ஏற்கெனவே டேங்கின் விளிம்பில், முழங்கையை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். முதுகில் விழும் பாரத்தைத் தாங்க இரண்டு கையையும் ஹேண்டிலில் ஊன்றுவார். ஊன்றிய கையால் ஒடிக்க முடியாது. லிவரை அளந்து பிடிக்கவும் முடியாது.

சட்டத்துக்கு இதில் குழப்பம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 128-ஆம் பிரிவு, ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரை மட்டும் அனுமதிக்கிறது. 2019-இல் திருத்தம் வந்த பிறகு மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் செல்லாது. அந்தப் பிரிவில் வயது பற்றிப் பேச்சில்லை. அப்பா, அம்மா, நடுவில் சாண்ட்விச்போல் ஒரு பிள்ளை என்றாலும் மூன்று மூன்றுதான்.

நீதிமன்றத்தில் வேறொரு கேள்வி வந்தது. மூன்று பேராகப் போனார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, விபத்தில் அவர்களுக்கும் பங்குண்டு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கலாமா? பின்னாலிருந்து கார் மோதிய ஒரு வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கூடாது என்றது. மூன்று பேர் இருந்தது சட்டமீறல். ஆனால் அதனால்தான் விபத்து நடந்தது, அல்லது அடி பலமாகப் பட்டது என்று காட்டினால்தான் இழப்பீட்டில் கைவைக்கலாம். நியாயமான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பின்னாலிருந்து இடிபட்டவரின் பிரேக்கைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஆனால் முன்னால் போகிறவர்மீது நாமே போய் மோதினால் கதை மாறும். 12 மீட்டரில் நிற்க வேண்டியது ஏன் 20-ஐத் தாண்டியது என்ற கேள்விக்குப் பின்சீட்டில் பதில் உட்கார்ந்திருக்கும்.

மறுபடி தம்பியிடம் வருகிறேன். நாய் சம்பவத்துக்கு அடுத்த வாரம் வந்தபோது அவருடைய வண்டியின் பின்சக்கரத்தருகே உட்கார்ந்து ஒன்றைக் காட்டினேன். மெக்கானிக் எனக்குக் காட்டியதுதான். டிரம்முக்கு வெளியே, பிரேக் கம்பி வந்து சேரும் சின்ன நெம்புகோலின் அடியில் ஒரு அம்புக்குறி இருக்கும். எதிரே தகட்டில் ஒரு கோடு பொறித்திருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. மெக்கானிக்குகள் அந்த இடத்தில் நட்டை இறுக்கித் தந்தால் லிவர் மறுபடி மேலே பிடிப்பதுபோல் தெரியும். உள்ளே ஷூ இல்லாதது அப்படியே இருக்கும். தம்பி லிவரைப் பிடித்தார். அம்பு கோட்டைத் தாண்டி நின்றது.

அழுக்குத் துணியால் துடைத்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம். பின் டயரையும் அமுக்கிப் பார்த்தார். பாரம் ஏற்றும்போது காற்றும் கூடுதலாக இருக்க வேண்டும். கையேட்டில் ஒரு ஆளுக்கு ஒரு அளவு, இரண்டு ஆளுக்கு ஒரு அளவு தனித்தனியாகப் போட்டிருக்கும். அவர் அடைத்துவைத்திருந்தது ஒரு ஆளுக்கானது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

"மூணு கேன்தான் கணக்கு" என்றேன்.

அவர் மனக்கணக்குப் போட்டார். "ஒரு நாளைக்கு நாப்பது கேன் போடணும்ணே. ஆறாறா எடுத்தா ஏழு ட்ரிப். மூணு மூணா எடுத்தா பதினாலு. கேனுக்குத்தான் காசு, ட்ரிப்புக்கு இல்ல. பெட்ரோல் யாரு போடுவா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேன் கம்பெனி முதலாளி ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கலாம். அது தம்பியின் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று காலுக்கு நடுவில் வைக்கும் கேன். அது இருக்கும்வரை ஹேண்டிலை முழுதாக ஒடிக்க முடியாது, அவசரத்துக்குக் காலை ஊன்றவும் முடியாது. இன்னொன்று வேகம். 40-இல் வெறும் வண்டி நிற்கும் தூரத்துக்குள் ஆறு கேனோடு நிற்க வேண்டுமானால் 30-ஐத் தாண்டக் கூடாது. இதை மட்டும் சொன்னேன்.

ஷூ மாற்றிவிட்டார், டயரும் பின்னாலேயே மாறியது. இப்போது ஐந்து கேனோடு வருகிறார். கால் நடுவில் ஒன்றும் இல்லை. ஐந்தும் அதிகம்தான், இருவருக்கும் தெரியும். தெருமுனையிலேயே வேகத்தை இறக்கிவிடுகிறார். அந்த நாய் வழக்கம்போல் ரோட்டின் நடுவில் படுத்திருக்கிறது. ஹாரன் அடித்து, எழுந்து போகட்டும் என்று காத்திருந்து, பிறகு வண்டியை நகர்த்துகிறார்.